சாப்பிட்டவுடன் தொடர் ஏப்பமும் எதுக்களிப்பும்: மூச்சுப் பயிற்சியால் குறைக்கும் வழி

சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் ஏப்பம் தொடங்கிவிடுகிறது. நிமிடத்துக்கு ஐந்து, பத்து என்று சத்தத்தோடு வந்துகொண்டே இருக்கிறது. சிலருக்குக் குமட்டலே இல்லாமல், சாப்பிட்ட சாதம் சாப்பிட்ட ருசியிலேயே வாய்க்குத் திரும்பி வருகிறது. "கேஸ் டிரபிள்" என்று சொல்லி மாதக்கணக்கில் அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் மாத்திரை போட்டும் குறையாதவர்களுக்காக இந்த வழிகாட்டி. இந்த இரண்டு தொல்லைகளுக்கும் முதல் சிகிச்சை, சாப்பிட்ட பிறகு மூச்சு விடும் விதத்தை மாற்றுவது. கேட்க எளிதாக இருக்கும். செய்யும்போது தவறிப்போகும் இடங்கள் நிறைய இருப்பதால் வரிசையாகச் சொல்கிறோம்.

## 1. முதலில் ஆபத்தை விலக்குங்கள்

ஏப்பத்தோடு நெஞ்சில் இறுக்கம், வியர்வை, இடது கையிலோ தாடையிலோ வலி, மூச்சுத் திணறல் என எது இருந்தாலும் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு 108-ஐ அழையுங்கள். மாரடைப்பை வாயு என்று நினைத்து, சோடா குடித்துவிட்டுப் படுத்தவர்கள் நம் ஊரில் ஏராளம். சர்க்கரை நோயாளிகளுக்கு நெஞ்சுவலியே இல்லாமல் வெறும் அசௌகரியமாகவும் மாரடைப்பு வரலாம். நடக்கும்போதோ மாடி ஏறும்போதோ ஏப்பமும் நெஞ்சு அழுத்தமும் வந்து, நின்றதும் குறைந்தால் அதுவும் இதயம் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். ஈசிஜி எடுத்துப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

அவசரம் இல்லாவிட்டாலும், கீழே சொல்பவற்றில் ஒன்று இருந்தால் மூச்சுப் பயிற்சிக்கு முன் குடல் இரைப்பை மருத்துவரைப் பார்க்க வேண்டும்: விழுங்கும்போது உணவு தடைபடுவது, முயற்சி செய்யாமல் எடை குறைவது, ரத்த வாந்தி, கறுப்பாக மலம் போவது, ரத்த சோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி அல்லது வாந்தி, 50 வயதைத் தாண்டிய பின் புதிதாகத் தொடங்கிய தொல்லை. முந்தின நாள் சாப்பிட்டது செரிக்காமல் மேலே வந்தாலோ, காலையில் தலையணையில் உணவுத் துணுக்கு இருந்தாலோ அதை எதுக்களிப்பு என்று விட்டுவிடாதீர்கள். உணவுக்குழாயின் கீழ்வாய் திறக்காத நோயாகவோ இரைப்பை காலியாகாத கோளாறாகவோ அது இருக்கலாம்.

இன்னொன்று, போட்டுவரும் மருந்துகளைப் பாருங்கள். சர்க்கரைக்கோ எடை குறைக்கவோ போடும் செமாகுளுடைட் ஊசி ஏப்பத்தைக் கூட்டும். ஊசி தொடங்கிய பிறகு வந்த ஏப்பம் என்றால் ஊசி எழுதித் தந்த மருத்துவரிடம்தான் முதலில் பேச வேண்டும்.

## 2. உங்களுடையது எந்த ஏப்பம்?

ஏப்பத்தில் இரண்டு வகை. இதைப் பிரிக்காமல் வைத்தியம் பார்ப்பதால்தான் பெரும்பாலும் வருடங்கள் வீணாகின்றன.

முதல் வகை வயிற்றிலிருந்து வருவது. ஒவ்வொரு கவளத்தோடும் ஒவ்வொரு மடக்கோடும் கொஞ்சம் காற்று உள்ளே போகிறது. அது இரைப்பையின் மேல்பகுதியில் சேர்ந்து சுவரை விரிக்கும்போது, மேலுள்ள வால்வு தானாகத் திறந்து காற்றை வெளியே விடுகிறது. ஒரு நாளில் 25, 30 முறை வரை இது யாருக்கும் வரக்கூடியது. விருந்துச் சாப்பாட்டுக்குப் பின் நாலைந்து ஏப்பம் வந்தால் அது நோயாகாது.

இரண்டாவது வகையில் காற்று வயிற்றுக்குப் போவதே இல்லை. குரல்வளை மூடியிருக்கும் நிலையில், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள தசையான உதரவிதானம் சட்டென்று கீழே இழுக்கிறது. மூச்சுக்குழாய்க்குள் போக முடியாத காற்று உணவுக்குழாய்க்குள் இழுபடுகிறது. ஒரு நொடிக்குள் வயிற்றுத் தசை அதை மேலே தள்ளிவிடுகிறது. சத்தம் அதே ஏப்பச் சத்தம்தான். மருத்துவர்கள் இதை 'சுப்ராகாஸ்ட்ரிக் பெல்ச்சிங்' என்று எழுதுவார்கள். இங்கே தொண்டை ஏப்பம் என்றே சொல்வோம். இது நிமிடத்துக்கு 20 வரைகூடப் போகும். அத்தனை காற்று வயிற்றில் உற்பத்தியாக வழியே இல்லை.

யாரும் இதை வேண்டுமென்று செய்வதில்லை. எப்போதோ வயிற்றில் ஓர் உப்புசமோ எரிச்சலோ இருந்திருக்கும். ஏப்பம் விட்டதும் சற்றே இதமாக இருந்திருக்கும். உடம்பு அதைப் பிடித்துக்கொண்டது. பிறகு உள்ளே இழுத்த காற்றே நெஞ்சில் அழுத்தத்தை உண்டாக்க, அந்த அழுத்தமே அடுத்த ஏப்பத்தைக் கேட்கிறது. "காற்று முழுக்க வெளியே வந்தால் சரியாகிவிடும்" என்று நினைத்து ஏப்பத்தை வரவழைக்கும் ஒவ்வொரு முறையும் இந்தச் சுற்று இறுகுகிறது. வீட்டில் இருப்பவர்கள் "வேணும்னே பண்ற" என்று சொன்னால் இந்தப் பத்தியை அவர்களிடம் படிக்கக் கொடுங்கள்.

வீட்டிலேயே சோதிக்க நான்கு வழிகள் உண்டு. தூக்கத்தில் ஏப்பம் வருகிறதா என்று பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள். தொண்டை ஏப்பம் தூக்கத்தில் நின்றுவிடும். ஏப்பம் மும்முரமாக இருக்கும்போது செய்தித்தாளை இரண்டு நிமிடம் இடைவிடாமல் சத்தமாகப் படியுங்கள். பேசும்போது குரல்வளை திறந்திருப்பதால் ஏப்பம் நிற்கும் அல்லது வெகுவாகக் குறையும். ஒரு பென்சிலைக் குறுக்கே முன்பற்களில் லேசாகக் கவ்விக்கொண்டு ஐந்து நிமிடம் உட்காருங்கள். வாய் திறந்திருந்தால் காற்றை உணவுக்குழாய்க்குள் இழுப்பது கடினம், அதனால் தொண்டை ஏப்பம் குறையும். கடைசியாக, கைபேசியில் உங்களை வீடியோ எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு ஏப்பத்துக்கும் முன் முகவாய் முன்னே வருவதோ, கழுத்து நீள்வதோ, தோள் ஏறுவதோ தெரிந்தால் அதுதான் காற்று உள்ளே போகும் கணம்.

இனி உணவு மேலே வருவது. சாப்பிட்ட சில நிமிடங்களிலேயே தொடங்கி ஒன்றிரண்டு மணி நேரம் வரை வாய் வாயாக வரும். ஓங்கரிப்பு இருக்காது. ருசி மாறியிருக்காது, புளிப்பேறியதும் தானாகவே நின்றுவிடும். வந்ததை மறுபடி மென்று விழுங்குவார்கள் அல்லது துப்புவார்கள். தூக்கத்தில் வராது. இதற்கு 'ரூமினேஷன் சிண்ட்ரோம்' என்று பெயர். மாடு அசைபோடுவதை ஒட்டி வைத்த பெயர். இனி வெறுமனே எதுக்களிப்பு என்று சொல்வது இதைத்தான். காரணம், சாப்பிட்டவுடன் வயிற்றுச் சுவர்த் தசைகள் நமக்குத் தெரியாமலே இறுகி, இரைப்பையைப் பிதுக்குவது. அமில எதுக்களிப்பு வேறு: அது புளிப்பாகவோ கசப்பாகவோ, எரிச்சலோடு, குனியும்போதும் படுக்கும்போதும் வரும். பலருக்குத் தொண்டை ஏப்பம் ஒன்று வரும், அதன் வாலைப் பிடித்துக்கொண்டே சாப்பாடும் வரும். அவர்களுக்கு ஏப்பம் நின்றால் இரண்டுமே நிற்கும்.

மூன்றாவதாக ஒன்றையும் பிரித்து வையுங்கள். காலையில் தட்டையாக இருக்கும் வயிறு சாயங்காலம் மேளம் போல உப்பி, வாயு பின்வழியாக நிறையப் போனால், காற்று நிஜமாகவே விழுங்கப்பட்டு வயிற்றுக்கும் குடலுக்கும் போகிறது. அதற்கு 9-ஆம் பகுதியைப் பாருங்கள்.

## 3. ஒரு வாரம் குறித்து வையுங்கள்

நாளெல்லாம் ஏப்பத்தை எண்ண வேண்டாம். எண்ணிக்கொண்டே இருந்தால் கவனம் அதிலேயே போய் ஏப்பம் கூடும். தினமும் தொல்லை அதிகமாக உள்ள ஒரு வேளையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டு முடித்த 10-வது நிமிடத்தில் அலாரம் வைத்து, அடுத்த 5 நிமிடத்தில் வந்த ஏப்பங்களை எண்ணி ஒரு எண்ணாக எழுதுங்கள். உணவு மேலே வந்தால் எத்தனை வாய், சாப்பிட்டு எத்தனை நிமிடம் கழித்து, என்ன ருசி என்று எழுதுங்கள். என்ன சாப்பிட்டீர்கள், சாப்பிட எவ்வளவு நேரம் ஆனது என்பதும் வேண்டும். வாரம் ஒருமுறை, ஒரே தராசில், காலை வெறும் வயிற்றில் எடை பாருங்கள்.

இந்த ஏழு எண்களின் சராசரிதான் உங்கள் அளவுகோல். பயிற்சி வேலை செய்கிறதா என்று பின்னால் தெரிந்துகொள்ள வேறு வழியில்லை, ஏனென்றால் "பரவாயில்லை போல இருக்கு" என்ற உணர்வு நாளுக்கு நாள் மாறும்.

## 4. மருத்துவரிடம் போகும்போது: காகிதங்கள், சோதனை, செலவு

கையில் எடுத்துப்போக வேண்டியவை: ஒரு வாரக் குறிப்பு, ஏப்பம் வரும்போது எடுத்த ஒரு நிமிட வீடியோ, பழைய எண்டோஸ்கோபி அறிக்கை, இதுவரை சாப்பிட்ட மாத்திரைகளின் பெயரும் அளவும் எத்தனை மாதம் என்பதும். அந்த வீடியோவைத் தவறாமல் காட்டுங்கள். மருத்துவர் முன்னால் பேசிக்கொண்டே இருப்பீர்கள். பேசும்போது ஏப்பம் வராது. அவர் பார்க்காமலே போய்விடுவார்.

அனுபவமுள்ள மருத்துவர் பெரும்பாலும் கேட்டும் பார்த்துமே கண்டுபிடித்துவிடுவார். ஆபத்து அறிகுறி இருந்தாலோ எண்டோஸ்கோபி இதுவரை செய்யாவிட்டாலோ ஒருமுறை செய்யச் சொல்வார். அது சரியாக இருந்து, புதிய அறிகுறியும் இல்லாதபோது வருடா வருடம் எண்டோஸ்கோபி எடுப்பது பணத்துக்குத்தான் கேடு. தொண்டை ஏப்பமும் அசைபோடுதலும் எண்டோஸ்கோபியில் தெரியாது.

சந்தேகம் தீராதபோது செய்யும் சோதனைகள் இரண்டு. ஒன்று, மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு 24 மணி நேரம் பதிவு செய்யும் பிஹெச் இம்பீடன்ஸ். காற்று மேலிருந்து கீழே போய்த் திரும்புகிறதா, வயிற்றிலிருந்து புறப்படுகிறதா என்று இது காட்டும். மற்றது, உணவுக்குழாயின் அழுத்தத்தை அளக்கும் ஹை ரெசல்யூஷன் மனோமெட்ரி. இவை பெரிய மருத்துவமனைகளில்தான் இருக்கும். ஊர்விட்டுப் போகுமுன் தொலைபேசியில் நான்கு கேள்விகள் கேளுங்கள்:

- இம்பீடன்ஸ் வசதி உள்ளதா, வெறும் பிஹெச் மட்டுமா? வெறும் பிஹெச் அமிலத்தை மட்டும் அளக்கும், காற்றைக் காட்டாது.
- மனோமெட்ரி செய்யும்போது சாப்பிடக் கொடுத்து, அதன் பிறகும் பதிவு செய்வார்களா?
- கட்டணத்தில் குழாயின் விலை சேர்ந்ததா, தனியா?
- எந்த மாத்திரையை எத்தனை நாள் முன் நிறுத்த வேண்டும்?

இரண்டாவது கேள்வியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வழக்கமான மனோமெட்ரியில் வெறும் வயிற்றில் பத்து மடக்குத் தண்ணீர் விழுங்கச் சொல்லி முடித்துவிடுவார்கள். எதுக்களிப்பு வருவதே சாப்பிட்ட பிறகுதானே! அறிக்கை "நார்மல்" என்று வரும், உங்களுக்கு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவார்கள். சாப்பிட்ட பின் சுமார் ஒரு மணி நேரமாவது பதிவு செய்ய வேண்டும். எந்தச் சாப்பாட்டுக்கு எதுக்களிப்பு அதிகமோ அதையே டப்பாவில் எடுத்துப்போக அனுமதி கேளுங்கள்.

சோதனைக்கு முன் சுமார் 6 மணி நேரம் வெறும் வயிறு வேண்டும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை நிறுத்திச் செய்யும் 24 மணி நேரச் சோதனைக்குப் பொதுவாக 7 நாள் முன்பே அதை நிறுத்தச் சொல்வார்கள். நீங்களாக நிறுத்தாமல், சோதனை செய்யும் இடத்தில் எழுதி வாங்குங்கள். குழாயோடு இருக்கும் நாளில் பயந்து பட்டினி கிடந்தால் பதிவில் ஒன்றும் விழாது. வழக்கம்போல் சாப்பிட்டு, ஏப்பம் வரும்போதெல்லாம் கருவியின் பொத்தானை அழுத்துங்கள்.

மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்கள் கவனிக்க: இவை படுக்கையில் சேராமல் செய்யும் சோதனைகள். புறநோயாளிச் செலவைப் பல பாலிசிகள் தருவதில்லை. முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கையில் பணம் குறைவு என்றால், ஆபத்து அறிகுறிகளும் இல்லை என்றால், சோதனைக்கு முன்பே எட்டு வாரம் மூச்சுப் பயிற்சி செய்து பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை. பயிற்சிக்குச் செலவு கிடையாது. அது பலித்தாலே நோய் இன்னதென்று பாதி உறுதியாகிவிடும்.

யார் சொல்லித் தருவார்கள்? ஆஸ்துமா நோயாளிகளுக்கு மூச்சுப் பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர், மனநல உளவியலாளர் ஆகியோரில் யாரும் தரலாம். பரிந்துரைக் கடிதத்தில் "உதரவிதான மூச்சு, சாப்பிட்ட பிறகு செய்யும் முறையில்" என்று எழுதி வாங்குங்கள். இல்லையென்றால் நுரையீரலுக்கான பயிற்சியைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

## 5. மூச்சைப் பழகுவது: முதலில் படுத்து

இந்த மூச்சு ஏன் வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் சரியாகச் செய்வது எளிது. தொண்டை ஏப்பத்துக்குக் குரல்வளை மூட வேண்டும், உதரவிதானம் வெடுக்கென்று இழுக்க வேண்டும். மூச்சு மெதுவாக, நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தால் இரண்டுக்கும் இடமில்லை. எதுக்களிப்புக்கு வயிற்றுச் சுவர் உள்நோக்கி இறுக வேண்டும். வயிறு வெளியே உயர்ந்துகொண்டிருக்கும்போது அதே தசைகள் இறுக முடியாது. உதரவிதானம் ஆழமாக இறங்கும்போது உணவுக்குழாயின் கீழ்வால்வையும் அது சுற்றிப் பிடித்து இறுக்குகிறது.

முதல் வாரம் வெறும் வயிற்றில், காலையும் மாலையும் 10 நிமிடம். மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, பாதம் தரையில் படும்படி வையுங்கள். தலைக்குச் சிறிய தலையணை. ஒரு கை நெஞ்சின் நடுவில், மற்றது தொப்புளுக்கு மேலே விலா எலும்பு முடியும் இடத்தில். மூக்கால் 4 எண்ணும் வரை காற்றை உள்ளே விடுங்கள்; கீழ்க்கை உயர வேண்டும், மேல்கை அசையக் கூடாது. பிறகு உதடுகளை லேசாகத் திறந்து, சூடான டம்ளரை ஆற்றுவதுபோல மெல்ல, 6 எண்ணும் வரை வெளியே விடுங்கள். நிமிடத்துக்கு 6 மூச்சு வரும். 4-6 கஷ்டமாக இருந்தால் 3-4 என்று தொடங்குங்கள்.

கீழ்க்கை உயர்வது தெரியவில்லை என்றால் ஒரு கிலோ அரிசிப் பையை அந்த இடத்தில் வையுங்கள். பை ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்தாலே உடம்பு பிடித்துக்கொள்ளும்.

நாக்கின் நிலையை யாரும் சொல்லித் தருவதில்லை, ஆனால் ஏப்பக்காரர்களுக்கு அது அவசியம். நாக்கின் நுனி மேல் முன்பற்களுக்குப் பின்னால் லேசாகத் தொட்டிருக்கட்டும், பற்கள் ஒன்றையொன்று தொடாமல் வாய் விரற்கடையில் பாதி அளவு திறந்திருக்கட்டும். இந்த நிலையில் எச்சிலை அடிக்கடி விழுங்கத் தோன்றாது. விழுங்காதபோது காற்றும் இறங்காது.

இரண்டாவது வாரம் இதையே நாற்காலியில் உட்கார்ந்து செய்யுங்கள். முதுகு சாய்ந்திருக்கட்டும், இடுப்பு மடிந்து வயிறு நசுங்காமல் இருக்கட்டும். உட்கார்ந்ததும் நெஞ்சுக்கை மறுபடி அசையத் தொடங்கும். அது சரியாகும் வரை அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள். பெல்ட், உள்பாவாடை நாடா, இறுக்கிக் கட்டிய வேட்டி எதுவானாலும் தளர்த்திவிடுங்கள். கட்டுக்குள் வயிறு உயர முடியாது.

## 6. சாப்பாட்டுக்குப் பின் பயன்படுத்துவது

மூன்றாவது வாரம் முதல், படுத்துச் செய்வதோடு இதையும் சேர்க்க வேண்டும். சிகிச்சை உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது. காலையில் மட்டும் அழகாகப் பயிற்சி செய்துவிட்டு, சாப்பிட்டதும் பழையபடி இருப்பவர்களுக்குப் பலன் வராது.

கடைசிக் கவளம் இறங்கியதும், ஏப்பத்துக்குக் காத்திருக்காமல், சாய்ந்து உட்கார்ந்து தொடங்குங்கள். 15 முதல் 20 நிமிடம். எதுக்களிப்பு உள்ளவர்கள் சாப்பாட்டின் நடுவிலேயே ஐந்தாறு மூச்சு விட்டுக்கொள்வது நல்லது. ஏப்பமோ உணவோ வருவதற்கு முன் ஓர் அறிகுறி இருக்கும்: மேல்வயிற்றில் இறுக்கம், நெஞ்சுக்குழியில் அழுத்தம், தொண்டையில் ஒரு குமிழ். அது தெரிந்ததும் வாயைச் சற்றுத் திறந்து, நீளமாக ஒரு மூச்சை வெளியே விட்டு, வயிற்றை உயர்த்தி அடுத்த மூச்சை உள்ளே எடுங்கள். அந்த உணர்வு அலைபோல ஏறி, ஓரிரு நிமிடத்தில் இறங்கும். முதல் நாட்களில் "விடாவிட்டால் வெடித்துவிடும்" என்று தோன்றும். வெடிக்காது. நிஜமாக வயிற்றில் காற்று இருந்தால் வால்வு தானே திறந்து ஒரு ஏப்பம் வரும். அதைத் தடுக்க வேண்டாம். நாம் நிறுத்துவது இழுத்து விடும் ஏப்பத்தை மட்டும்.

முதலில் சிறிய வேளையில் பழகுங்கள். நாலு இட்லிக்குத் தொல்லை என்றால் இரண்டு இட்லியில் தொடங்கி, அது சரியான பின் மூன்று, நாலு என்று ஏற்றுங்கள்.

## 7. தவறிப்போகும் இடங்கள்

யோகா தெரிந்தவர்கள்தான் முதலில் தடுக்கி விழுகிறார்கள். கபாலபாதியில் வயிற்றை உள்ளே வெட்டி இழுத்துக் காற்றைத் தள்ளுகிறோம். எதுக்களிப்பில் உடம்பு செய்யும் தவறான அசைவுக்கு மிக நெருக்கமானது அது. உட்டியாணமும் அப்படித்தான். மூச்சை உள்ளே நிறுத்தி வைக்கும் கும்பகத்தில் குரல்வளை மூடுகிறது. தொண்டை ஏப்பத்துக்கு அது கதவைத் திறந்துவிடுவதற்குச் சமம். இந்த எட்டு வாரத்துக்கு இவற்றை ஒதுக்கி வையுங்கள்.

தலை கிறுகிறுத்து, விரல் நுனி மரமரத்தால் நீங்கள் தேவைக்கு மேல் காற்றை இழுக்கிறீர்கள். ஆழம் வேண்டாம், மெதுவாக இருந்தால் போதும். ஒரு நிமிடம் சாதாரணமாக மூச்சு விட்டுவிட்டு, சிறிய மூச்சாகத் தொடருங்கள்.

வயிற்றை வேண்டுமென்றே முன்னே தள்ளுவது இன்னொரு தவறு. காற்று உள்ளே போகாமலேயே தசையால் வயிற்றை உந்தி, கை உயர்கிறது என்று திருப்தி அடைவார்கள். மூக்கில் காற்று நுழைவதும் கை உயர்வதும் ஒரே நேரத்தில் நடக்கிறதா என்று பாருங்கள்.

சோடா, இஞ்சி சோடா, தண்ணீரில் பொங்கும் வயிற்று உப்புத் தூள் எல்லாம் வயிற்றுக்குள் கரியமில வாயுவை விடுகின்றன. பெரிய ஏப்பம் வந்ததும் பலித்துவிட்டது என்று தோன்றும். வெளியே வந்தது நீங்கள் குடித்த வாயுதான்.

## 8. எட்டு வாரம் எப்படிப் போகும்: ஒரு மாதிரி

34 வயதுக்காரர் ஒருவரை வைத்துக்கொள்வோம். அலுவலகத்தில் மதியம் 1:15-க்குச் சாம்பார் சாதம், தயிர் சாதம்; ஒன்பது நிமிடத்தில் முடித்துவிட்டு மேசைக்குத் திரும்புகிறார். பயிற்சிக்கு முந்தைய ஒரு வாரக் குறிப்பில் அவருடைய 5 நிமிட எண் சராசரி 40. சாப்பிட்ட அரை மணிக்குள் நாலைந்து வாய் உணவும் மேலே வருகிறது.

படுத்தும் உட்கார்ந்தும் பழகிய இரண்டு வாரத்தில் எண் 38, 41. மாற்றமில்லை. இது எதிர்பார்த்ததுதான், ஏனென்றால் சாப்பாட்டுக்குப் பின் இன்னும் எதுவும் செய்யவில்லை. இந்த இடத்தில்தான் பலர் "ஒண்ணும் ஆகலை" என்று விட்டுவிடுகிறார்கள்.

மூன்றாவது வாரம் சாப்பிட்ட பின் 10 நிமிடம் செய்கிறார். மூச்சு விடும் நேரத்தில் ஏப்பம் ஏறக்குறைய இல்லை. நிறுத்திய பின் எண்ணினால் 30. இதற்குப் பொருள், முறை சரி, நேரம் போதவில்லை என்பது. 20 நிமிடமாக்குகிறார். சாப்பாட்டு நேரத்தையும் 9-லிருந்து 20 நிமிடமாக்குகிறார். நான்காவது வாரக் கடைசியில் எண் 18, உணவு வருவது ஒரு வாய். முழு 20 நிமிடமும் கண்ணை மூடி உட்கார வேண்டியதில்லை என்று இப்போது தெரிகிறது: வாயைச் சற்றே திறந்து, கணினியைப் பார்த்தபடியே செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது.

ஐந்தாவது வாரம் ஒரு கல்யாணம். இலையில் குனிந்து, அவசரமாக, வயிறு முட்டச் சாப்பிட்டதில் எண் மறுபடி 35. அடுத்த இரண்டு நாளும் 25-க்குக் கீழே இறங்கவில்லை. அவர் செய்ய வேண்டியது, இரண்டு நாளுக்குப் பாதி அளவு சாப்பாடு, ஒவ்வொரு வேளைக்குப் பின்னும் முழு 20 நிமிடம். எட்டாவது வாரத்தில் எண் 7, உணவு மேலே வருவது வாரத்துக்கு ஒருமுறை. இப்போது நேரக் கணக்கை விட்டுவிட்டு, அறிகுறி தெரிந்தால் மட்டும் ஐந்தாறு மூச்சு விடுகிறார்.

எல்லோருக்கும் இவ்வளவு இறங்கும் என்று சொல்ல முடியாது. லண்டனில் தொண்டை ஏப்பம் உள்ளவர்களுக்கு ஐந்து அமர்வுகளில் மூச்சுப் பயிற்சியும் நடத்தைப் பயிற்சியும் கொடுத்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், முடித்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏப்பம் பாதியாகவோ அதற்கும் கீழோ குறைந்தது. எதுக்களிப்பு மட்டும் உள்ளவர்களில் சிலருக்கு, முறை சரியாகப் பிடிபட்ட முதல் சாப்பாட்டிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும்.

## 9. காற்று இறங்கும் வழக்கங்கள்

வயிறு உப்புபவர்களுக்கு இது முக்கியம், மற்றவர்களுக்குத் துணை. செம்பை உயர்த்தி அண்ணாந்து குடிக்கும்போது ஒவ்வொரு மடக்கோடும் காற்று இறங்குகிறது. உங்களுக்கென்று ஒரு டம்ளர் வைத்துக்கொண்டு, வாய் வைத்து, சிறு மடக்காகக் குடியுங்கள். காபியை உறிஞ்சுவது, ஸ்ட்ரா, சூயிங்கம், நாளெல்லாம் வாயில் அடக்கும் பாக்கு, பொருந்தாத பல்செட், மூக்கடைப்பால் வாயால் மூச்சு விட்டபடி சாப்பிடுவது எல்லாம் இதே கணக்கில் சேரும். தூக்கத்தில் மூச்சுத் தடைக்காக சிபாப் கருவி போடுபவர் காலையில் உப்பிய வயிற்றோடு எழுந்தால், அழுத்த அளவை மாற்ற முடியுமா என்று அந்த மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

## 10. குறையவில்லை என்றால்

எட்டு வாரம் சாப்பாட்டுக்குப் பின் ஒழுங்காகச் செய்தும் எண் பாதியாகக்கூட இறங்காவிட்டால், முதலில் பயிற்றுநர் முன்னால் சாப்பிட்டுவிட்டுச் செய்து காட்டுங்கள். முக்கால்வாசிக் கோளாறு அங்கே தெரிந்துவிடும். பதற்றமோ மனச்சோர்வோ கூடவே இருந்தால் அதற்கும் சிகிச்சை எடுக்காமல் மூச்சு மட்டும் போதாது.

மருந்து என்று பார்த்தால், தசை இறுக்கத்தைத் தளர்த்தும் பேக்லோஃபென் மாத்திரையைச் சில மருத்துவர்கள் தருவார்கள். 10 மி.கி. மாத்திரையை நாளைக்கு மூன்று வேளை என்ற அளவில் ஆய்வு செய்திருக்கிறார்கள். தூக்கமும் தலைச்சுற்றலும் வரும்; வண்டி ஓட்டுபவர்கள் சொல்லிவிட வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது உடலில் தேங்கி ஆபத்தாகும். தொடங்குவதும் நிறுத்துவதும் மருத்துவர் சொல்படிதான். பான்டோபிரசோல் போன்றவை ஏப்பத்தை நிறுத்தாது, ஆனால் நிஜமாகவே அமில எதுக்களிப்பும் சேர்ந்திருப்பவர்களுக்கு அது தேவைப்படும். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்த வேண்டாம்.

மேலே வந்த உணவைத் துப்புபவர்கள் எடையைக் கவனியுங்கள். இரண்டு மாதத்தில் 3 கிலோவுக்கு மேல் குறைந்தாலோ, கால் தசை பிடித்திழுத்து அசதி கூடினாலோ காத்திருக்காமல் ரத்தத்தில் பொட்டாசியம் அளவு பார்க்கச் சொல்லுங்கள். வளரும் பிள்ளைகளுக்கு இது வந்தால் திட்டாதீர்கள்; திட்டினால் ஒளிந்து துப்பத் தொடங்குவார்கள், எடை இறங்குவது தெரியாமலே போகும். உணவு வாய்க்கு வந்தவுடன் பல் துலக்காமல், தண்ணீரால் கொப்பளித்து அரை மணி கழித்துத் துலக்குங்கள். அமிலம் பட்டு இளகிய பல் எனாமலை உடனே தேய்த்தால் அது தேய்ந்துபோகும்.